சுருள் சுற்றவில்லையா? கையால் செய்த மோட்டாரை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

எனாமல் பூசிய தாமிரக் கம்பியில் பத்துச் சுற்றுச் சுருள், அதைத் தாங்க இரண்டு ஊக்குகள், அடியில் ஒரு வட்டக் காந்தம், ஒரு 1.5 வோல்ட் செல். மின்மோட்டாரின் அடிப்படையைக் கண்ணால் பார்க்க இவ்வளவு போதும். ஆனால் செய்து முடித்த உடனே சுற்றும் மோட்டார்கள் குறைவு. சுற்றாதபோது பலரும் முதலில் காந்தத்தைத்தான் குறை சொல்கிறார்கள். இன்னும் வலுவான காந்தம் வாங்குகிறார்கள், இரண்டாவது செல்லைச் சேர்க்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு காந்தத்தில் இருப்பதில்லை. கம்பி முனையில் எனாமலை எங்கே சுரண்டினோம் என்பதில்தான் இருக்கிறது. சுருள் எந்த நிலையில் இருக்கும்போது விசை அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிட்டால், மோட்டார் காட்டும் அறிகுறியே கோளாறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். அதனால் முதலில் ஒழுங்காகச் சுற்றும் மோட்டாரைப் பார்த்துவிடுவோம்.

ஒழுங்காக இருந்தால் எப்படித் தள்ளும்

```
            +-----<-----+           1
            |           |
            v           ^
  ===o======+           +======o===
  2  |      |           |      |  3
     |      v           ^      |
     |      +----->-----+      |    4
     |                         |
     |         ^  ^  ^         |    5
     |        [=======]        |    6
     |                         |
     +--------(+ செல் -)--------+    7
```

1 — சுருளின் மேல் பக்கம், மின்னோட்டம் வலமிருந்து இடம்
2 — இடது முனை, சுற்றிலும் எனாமல் முழுதாகச் சுரண்டியது
3 — வலது முனை, பாதிச் சுற்றளவு மட்டும் சுரண்டியது
4 — சுருளின் கீழ்ப் பக்கம், மின்னோட்டம் இடமிருந்து வலம்
5 — காந்தப்புலம், கீழிருந்து மேல்
6 — வட்டக் காந்தம், வடமுனை மேலே பார்த்தபடி
7 — செல், நேர்முனை இடப்பக்கம்

இரண்டு முனைகளும் ஊக்குகளின் வளையங்களில் (படத்தில் o என்று காட்டிய இடங்கள்) உட்கார்ந்திருக்கின்றன. படத்தில் சுருள் மேசைக்குச் செங்குத்தாக, நிமிர்ந்து நிற்கிறது. இந்த நிலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கு வருவோம்.

காந்தப்புலத்துக்குள் மின்னோட்டம் பாயும் கம்பியின் மேல் ஒரு விசை செயல்படும். கம்பி புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த விசையின் அளவு F = B × I × L. B என்பது புலத்தின் வலிமை, I மின்னோட்டம், L புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம். கம்பி புலத்துக்கு இணையாக இருந்தால் விசை சுழி. படத்தில் இடமும் வலமும் செங்குத்தாக நிற்கும் பக்கங்களில் மின்னோட்டம் புலத்தின் கோட்டிலேயே ஓடுகிறது. ஆகவே இந்த நிலையில் அவற்றின் மேல் தள்ளுதல் எதுவும் இல்லை. வேலை செய்வது 1, 4 ஆகிய இரு பக்கங்கள் மட்டுமே.

திசைக்கு ஃபிளமிங்கின் இடக்கை விதி. இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரல் காந்தப்புலத்தின் திசை, நடுவிரல் மின்னோட்டத்தின் திசை, பெருவிரல் கம்பி தள்ளப்படும் திசை. கீழ்ப் பக்கத்துக்கு வைத்துப் பாருங்கள். சுட்டுவிரல் மேலே, நடுவிரல் வலப்பக்கம். பெருவிரல் உங்கள் மார்பை நோக்கி வரும். மேல் பக்கத்தில் புலம் அதேதான், மின்னோட்டம் மட்டும் இடப்பக்கமாக ஓடுகிறது. மணிக்கட்டைத் திருப்பி நடுவிரலை இடப்பக்கம் காட்டினால் பெருவிரல் உங்களை விட்டு விலகி எதிர்ப்பக்கம் காட்டும். கீழ்ப் பக்கம் உங்களை நோக்கி, மேல் பக்கம் உங்களை விட்டு அப்பால். அச்சின் இரு புறமும் எதிரெதிரான இரண்டு தள்ளுதல்கள், ஆகவே சுருள் சுழல்கிறது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, வலக்கையைப் பயன்படுத்துவது. அது மின்னாக்கிக்கான விதி, மோட்டாருக்கு வைத்தால் விடை தலைகீழாக வரும். இன்னொன்று, நடுவிரலை எலக்ட்ரான்கள் நகரும் திசையில் வைப்பது. விதி கேட்பது நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு வெளிச்சுற்றில் பாயும் மரபு மின்னோட்டத்தின் திசையை.

இப்போது சுருள் கால் சுற்றுச் சுற்றி மேசைக்கு இணையாகப் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதியை மறுபடி வைத்துப் பார்த்தால் 1, 4 பக்கங்களின் மேல் விசை இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்று உங்கள் பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமுமாகச் சுருளின் தளத்திலேயே இழுக்கின்றன. சுருளை விரிக்கவோ அமுக்கவோ பார்க்குமே தவிரச் சுழற்றாது. அந்தப் புள்ளியை ஏற்கெனவே பெற்ற வேகத்தால்தான் சுருள் கடக்கிறது.

கடந்தபின் கதை மாறுகிறது. அரைச் சுற்று முடிந்து சுருள் மீண்டும் நிமிரும்போது, முன்பு மேலே இருந்த பக்கம் கீழே வந்துவிடும். அதில் மின்னோட்டம் இடப்பக்கமாகத்தான் ஓடுகிறது. கீழே இருக்கும் கம்பியில் இடப்பக்கமாக மின்னோட்டம் ஓடினால் பெருவிரல் உங்களை விட்டு விலகிக் காட்டும். அதாவது முதல் அரைச் சுற்றில் தள்ளிய அதே மின்னோட்டம், இரண்டாம் அரைச் சுற்றில் பின்னால் இழுக்கிறது. கடையில் வாங்கும் நேர்மின்னோட்ட மோட்டார்களில் பிளவு வளையத் திசைமாற்றி இந்தக் கணத்தில் சுருளின் மின்னோட்டத்தைத் திருப்பிவிடும். நம் மோட்டாரில் அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக, கெடுதல் செய்யும் அரைச் சுற்றில் மின்னோட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். வலது முனையில் பாதியளவு எனாமலை விட்டுவைப்பது அதற்காகத்தான்.

அறிகுறி 1: சுண்டிவிட்டாலும் சுற்றவில்லை, எதுவும் சூடாகவும் இல்லை

மின்னோட்டமே போகவில்லை, அல்லது மிகக் குறைவாகப் போகிறது. செல்லைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வையுங்கள். ஒரு முள்ளை ஒரு ஊக்கிலும் மற்றதை அடுத்த ஊக்கிலும் தொட்டுக்கொண்டு, சுருளை விரலால் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நல்ல மோட்டாரில் ஏறக்குறைய அரைச் சுற்றுக்கு ஒலி கேட்கும், அடுத்த அரைச் சுற்றுக்கு அமைதி. எந்த நிலையிலும் ஒலி இல்லையென்றால் எனாமல் சரியாகப் போகவில்லை என்று பொருள்.

எனாமல் கண்ணை ஏமாற்றும். பூச்சும் தாமிர நிறத்திலேயே பளபளப்பதால், சுரண்டாத கம்பியையே சுரண்டியதாக நினைத்துவிடுவோம். சுரண்டிய இடம் சற்று வெளிறிய இளஞ்சிவப்பாக, புது உலோகமாக மின்னும். மெல்லிய உப்புத்தாளால் அந்த நிறம் வரும்வரை தேயுங்கள். தீயில் காட்டி எனாமலை எரிப்பவர்கள் உண்டு, ஆனால் எரித்தபின் படியும் கருப்பு ஆக்சைடையும் தேய்த்து எடுக்காவிட்டால் பயனில்லை.

இங்கே ஒரு தனிக் கோளாறும் உண்டு. சிலர் இரு முனைகளையும் பாதிப் பாதியாகச் சுரண்டுவார்கள். இரண்டிலும் ஒரே பக்கம் சுரண்டியிருந்தால் மோட்டார் ஓடும். ஒன்றில் மேல்பாதி, மற்றதில் கீழ்ப்பாதி என்று ஆகிவிட்டால், ஒரு முனை தொடும்போது மற்றது எனாமலில் இருக்கும். சுற்று ஒருபோதும் மூடாது. ஒரு முனையை முழுதாகச் சுரண்டிவிட்டால் தீர்ந்தது.

தொடர்பு இருந்தும் தள்ளுதல் பலவீனமாக இருந்தால், கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பக்கத்துக்கு 3 செ.மீ. உள்ள சதுரச் சுருள், பத்துச் சுற்று, கம்பியின் விட்டம் 0.45 மி.மீ. முனைகளையும் சேர்த்துக் கம்பி சுமார் 1.3 மீட்டர். அதன் மின்தடை 0.14 ஓம்தான். செல்லின் உள்தடையும் தொடும் இடங்களின் தடையும் சேர்ந்து மொத்தம் 0.75 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் 2 ஆம்பியர். கீழ்ப் பக்கம் இருக்கும் இடத்தில் புலம் 0.05 டெஸ்லா என்று வைத்துக்கொண்டால், பத்துக் கம்பிகளின் மேலும் சேர்ந்து விசை 10 × 0.05 × 2 × 0.03 = 0.03 நியூட்டன். சுருளின் எடை ஏறக்குறைய 1.8 கிராம், அதாவது 0.018 நியூட்டன். ஒரு பக்கத்தின் மேல் விழும் தள்ளுதல் சுருளின் எடையைவிட அதிகம், சுழற்றத் தாராளமாகப் போதும்.

இப்போது அரைகுறையாகச் சுரண்டிய முனையில் கூடுதலாக 3 ஓம் தடை சேர்வதாக எண்ணுங்கள். மொத்தம் 3.75 ஓம், மின்னோட்டம் 0.4 ஆம்பியர், விசை 0.006 நியூட்டன். ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. காந்தத்தை மாற்றிப் புலத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. உப்புத்தாளுக்கு முதலிடம் தரச் சொல்வது இதனால்தான்.

அறிகுறி 2: சுற்றவில்லை, ஆனால் செல்லும் கம்பியும் சூடாகின்றன

சுருளைத் தூக்கி எடுத்துவிடுங்கள். அப்போதும் செல் சூடானால் கோளாறு சுருளில் இல்லை. ஊக்குகள் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது உலோகப் பூச்சுள்ள காந்தம் இரண்டுக்கும் இடையே பாலம் போட்டிருக்கிறது.

சுருளை எடுத்ததும் சூடு நின்றால், பெரும்பாலும் இரு முனைகளும் முழுதாகச் சுரண்டப்பட்டிருக்கும். இதை உறுதிசெய்ய அழகான ஒரு வழி உண்டு. சுருள் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். மேசைக்கு இணையாகப் படுத்திருக்கும். விரலால் சிறிது திருப்பி விட்டால் சுருள்வில்லில் கட்டியதுபோல அதே இடத்துக்குத் திரும்பி வரும். முதல் அரைச் சுற்று அந்த நிலைக்குத் தள்ளுகிறது, அடுத்த அரைச் சுற்றும் அந்த நிலைக்கே இழுக்கிறது. மின்னோட்டம் நிற்காததால் சுருள் அங்கே சிறைப்பட்டுக் கிடக்கிறது, செல்லின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. ஒரு முனையின் பாதிச் சுற்றளவுக்கு நகப்பூச்சு தடவிக் காயவிடுங்கள். போன எனாமலின் வேலையை அது செய்யும்.

எந்தச் சோதனையிலும் நிற்கும் சுருளில் செல்லைச் சில நொடிகளுக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்லை இந்த மோட்டாரில் பயன்படுத்தவே கூடாது. குறுக்குச்சுற்றில் அது தரும் மின்னோட்டம் கையைச் சுடும், தீப்பிடிக்கவும் கூடும்.

அறிகுறி 3: உயிர் இருக்கிறது, ஆனால் ஆடி ஆடி நின்றுவிடுகிறது

மிகுதியாகக் குழப்புவது இதுதான். முனைகள் சுத்தம், பாதி சுரண்டியாயிற்று, மீட்டரில் அரைச் சுற்று ஒலியும் வருகிறது. ஆனாலும் சுருள் ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும்.

அண்ணன் மகள் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்த மோட்டார் இப்படித்தான் அடம் பிடித்தது. இரண்டு காந்தம் மாற்றிவிட்டாள், புது செல் போட்டுவிட்டாள். செல்லைக் கழற்றி மீட்டரை மாட்டி, சுருளை மெல்லத் திருப்பச் சொன்னேன். ஒலி தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் சுருள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனிக்கச் சொன்னேன். சுருள் நிமிர்ந்திருக்கும்போது ஒலி தொடங்கியது. படுத்த நிலையைக் கடந்து, மறுபடி நிமிர்ந்தபோது நின்றது. "அரைச் சுற்று சரியாத்தானே இருக்கு சித்தப்பா?" என்றாள். அரைச் சுற்று சரிதான், அது தவறான அரைச் சுற்று.

ஒலி கேட்கும் பகுதியின் நடுவில் சுருள் படுத்திருந்தது. அதாவது மின்னோட்டம் பாயும் நேரத்தின் முதல் பாதியில் விசை ஒரு பக்கம் தள்ளுகிறது, படுத்த நிலையைக் கடந்ததும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமம், ஒரு சுற்றில் கொடுத்ததும் எடுத்ததும் கழிந்து மிச்சம் எதுவும் இல்லை. காந்தத்தை எவ்வளவு வலுவாக்கினாலும் கழித்தலின் விடை சுழிதான். நமக்கு வேண்டியது நேர்மாறு. ஒலி கேட்கும் பகுதியின் நடுவில் சுருள் நிமிர்ந்து நிற்க வேண்டும், அது படுக்கும் இரு நிலைகளில் ஒலி தொடங்கவும் முடியவும் வேண்டும்.

எப்படி நடந்தது என்று கேட்டேன். சுருளை மேசையில் படுக்க வைத்து, முனையின் மேல்பாதியை பிளேடால் சுரண்டியிருக்கிறாள். கைக்கு வசதியான நிலை அதுதான், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். சுருளை மேசை விளிம்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, முனையை விளிம்பில் படுக்கவைத்து, மேலே தெரியும் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். பழைய முனையை முழுதாகச் சுரண்டி, சுருளை நிமிர்த்திப் பிடித்து, கீழ்ப்பாதிக்கு நகப்பூச்சு தடவினோம். காய்ந்ததும் வைத்துச் சுண்டினாள். பழைய காந்தத்திலேயே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது.

சரியாகச் சுரண்டியிருந்தும் இந்த அறிகுறி வந்தால், முனைக்கம்பி முறுக்கிக்கொண்டதா என்று பாருங்கள். வளைந்த முனையை நேராக்கும்போது கம்பி கால் சுற்று முறுகினாலே சுரண்டிய பக்கம் இடம் மாறிவிடும். நேராக்குவதை முதலில் முடித்து, சுரண்டுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி 4: ஒரு பக்கம் சுண்டினால் திரும்பி வருகிறது, எதிர்ப்பக்கம் சுண்டினால் ஓடுகிறது

இது கோளாறு இல்லை. மின்னோட்டம் பாயும் அரைச் சுற்றில் விசை எப்போதும் ஒரே பக்கம்தான் சுழற்றும், ஆகவே இந்த மோட்டாருக்கு ஒரே திசைதான் உண்டு. அது எது என்று இணைக்கும் முன்பே இடக்கையால் சொல்லிவிடலாம். காந்தத்தின் எந்த முகம் வடமுனை என்று தெரியாவிட்டால் திசைகாட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஊசியின் வடமுனை எந்த முகத்தை நோக்கி இழுபடுகிறதோ அது தென்முனை.

திசையை மாற்ற செல்லைத் திருப்புங்கள், அல்லது காந்தத்தைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பழைய திசையே வரும், ஏனெனில் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து திரும்பினால் பெருவிரல் மாறாது. சுருளை எடுத்து இடமுனையை வலப்பக்கம் வருமாறு மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். திசை மாறாது. சுருள் திரும்பியதும் ஒரு மாற்றம், மின்னோட்டம் அதற்குள் மறு முனை வழியாக நுழைவதும் ஒரு மாற்றம். ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும்.

தானாகவே கிளம்பவில்லை, சுண்ட வேண்டியிருக்கிறது என்பதும் இயல்புதான். எனாமல் பகுதி தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் சுருள் ஓய்ந்து நின்றிருந்தால் முதல் தள்ளுதல் உங்கள் விரலிலிருந்துதான் வர வேண்டும்.

அறிகுறி 5: துள்ளுகிறது, தடதடக்கிறது, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது

செல் இல்லாமல் சுருளை ஊக்குகளில் வைத்துச் சுண்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில், சுருளின் நடுவழியாகப் போகிறதா என்று பக்கவாட்டில் பார்த்து நிமிர்த்துங்கள். துள்ளும்போது முனை வளையத்தை விட்டு எழும்பி, வேண்டிய அரைச் சுற்றிலேயே தொடர்பு அறுந்துபோகும். கீழ்ப் பக்கம் காந்தத்தில் உரசாமல், ஆனால் 1 செ.மீ.க்கு மேல் விலகாமல் இருக்கட்டும். இவ்வளவு சிறிய காந்தத்தின் புலம் தொலைவு கூடக்கூட வேகமாகக் குறையும்.

முதலில் நன்றாக ஓடி, சில நிமிடங்களில் மந்தமானால் பாதி முனை தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே அறுபடுவதால் நுண்ணிய பொறி பறக்கும், இருட்டறையில் நன்றாகவே தெரியும். அந்தப் பொறி கம்பியிலும் ஊக்கின் வளையத்திலும் கருப்புப் படலத்தை உண்டாக்கும். இரண்டையும் உப்புத்தாளால் ஒரு முறை இழுத்தால் பழைய வேகம் வந்துவிடும், எனாமல் இருக்கும் பாதியில் மட்டும் தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.